திங்கட்கிழமை சேர்கிறேன் சார்...

வேலை கிடைத்து, ஆஃபர் லெட்டர் கைக்கு வந்து, பழைய இடத்தில் சொல்லிக்கொண்டு கிளம்பிய பிறகு ஒரு வெற்று வாரம் வரும். சேரும் நாள் தெரியும், நேரம் தெரியும். மற்றது ஒன்றும் தெரியாது. அந்த வாரத்தில்தான் பலரும் புது மேனேஜருக்கு ஒரு செய்தி தட்டுகிறார்கள்: “வணக்கம் சார், திங்கட்கிழமை வரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும்?” பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: “ஒண்ணும் வேண்டாம், வாங்க, பாத்துக்கலாம்.”

மரியாதையான பதில்தான். ஆனால் பயன் இல்லை. குறை பதில் சொன்னவரிடம் இல்லை, கேட்ட விதத்தில் இருக்கிறது. என்ன கொண்டுவர வேண்டும் என்பது பெரும்பாலும் மேனேஜருக்கே தெரியாது. காகிதங்களைக் கேட்பது எச்.ஆர். பிரிவு. மேனேஜருக்கு மட்டுமே தெரிந்தது வேறு: அந்த வாரம் டீமில் என்ன ஓடுகிறது, புதிதாக வருபவரை யார் பக்கத்தில் உட்கார வைப்பார், கம்ப்யூட்டரும் லாக்-இன்னும் எப்போது வரும். எச்.ஆருக்குப் போகவேண்டிய கேள்வியை மேனேஜரிடம் கேட்டால் “பாத்துக்கலாம்” என்றுதான் வரும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம். ராஜபாளையத்துப் பெண். பி.காம். முடித்து, சிவகாசியில் ஓர் அச்சகத்தின் கணக்குப் பிரிவில் இரண்டு ஆண்டு வேலை பார்த்தவர். இப்போது ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டெண்ட். வரும் 5-ஆம் தேதி, திங்கட்கிழமை சேர வேண்டும். இவர் யாருக்கு, என்ன எழுத வேண்டும்?

முதலில் எச்.ஆர். பக்கத்தை முடித்துவிடலாம். ஆஃபர் லெட்டருடன் வரும் மெயிலில் ஒரு பட்டியல் இருக்கும்: மதிப்பெண் சான்றிதழ்கள், ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் அல்லது கேன்சல் செய்த காசோலை, போட்டோ, பழைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. இதைத் திருப்பிக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் காகிதங்களுக்குள் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அதுதான் இனிஷியல்.

நம் பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் ஒற்றை எழுத்தாக நிற்கும். ஆதாரிலும் பல பேருக்கு அப்படியே. ஆனால் பான் கார்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் இடத்தில் ஒற்றை எழுத்தை ஏற்கமாட்டார்கள். அதனால் அப்பாவின் முழுப் பெயரும் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். வங்கிக் கணக்கில் வேறொரு வரிசை. ஆள் ஒருவர்தான், காகிதத்தில் மூன்று பெயர். வருங்கால வைப்பு நிதியின் யுஏஎன் எண்ணோடு ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றையும் சேர்க்கும்போது பெயர் பொருந்தவில்லை என்று கணினி திருப்பி அனுப்பும். சேர்ந்த அன்று இது யாருக்கும் தெரியாது. பி.எஃப். பணத்தை எடுக்கவோ மாற்றவோ போகும்போதுதான் மாட்டும். அதனால் மூன்றையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் திங்கட்கிழமைக்குள் திருத்தி முடியாது. எச்.ஆருக்கு ஒரு வரி எழுதிவிட்டால் போதும்: “பானில் என் பெயர் இப்படி இருக்கிறது, ஆதாரில் இப்படி, எதன்படி பதிவு செய்வீர்கள்?” 

இரண்டாவது, பழைய யுஏஎன். சிவகாசியில் பி.எஃப். பிடித்திருந்தால் எண் ஏற்கெனவே இருக்கும். அது நினைவில்லை என்று விட்டுவிட்டுப் படிவத்தில் “முதல் வேலை” என்று டிக் செய்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பழைய சம்பளச் சீட்டிலேயே பன்னிரண்டு இலக்கத்தில் அந்த எண் இருக்கும். பழைய நிறுவனம் நீங்கள் விலகிய தேதியைப் பி.எஃப். தளத்தில் ஏற்றிவிட்டதா என்றும் உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஏற்றவில்லை என்றால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே அதைப் பதிய வழி உண்டு.

சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகிறது என்றால் அம்மா அப்பாவின் ஆதார் எண், பிறந்த தேதி, குடும்பப் போட்டோ கேட்பார்கள். பி.எஃப். நாமினிக்கும் அதே விவரம் வேண்டும். திங்கள் காலை எச்.ஆர். அறையில் உட்கார்ந்துகொண்டு ராஜபாளையத்துக்குப் போன் போட்டு, “அம்மா, உன் ஆதார் எங்க வச்சிருக்க?” என்று தேடச் சொல்வதை இதனால் தவிர்க்கலாம். பெற்றோர் ராஜபாளையத்திலும் மகள் ஒரகடத்திலும் இருந்தால் இருவருக்கும் தனித்தனி இ.எஸ்.ஐ. மருந்தகம் கேட்க முடியும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. படிவம் நிரப்புகிறவர் கேட்காவிட்டால் நாம்தான் சொல்ல வேண்டும்.

அசல் சான்றிதழ்களைப் பற்றி என் கருத்து கறாரானது. காட்டலாம், சரிபார்க்கக் கொடுக்கலாம், அன்றே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். “இங்கேயே இருக்கட்டும், போகும்போது வாங்கிக்கங்க” என்று சொல்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. அப்படிச் சொல்வார்களா என்பதை எச்.ஆரிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைப்பது நல்லது. ரிலீவிங் லெட்டர் இன்னும் வரவில்லை என்றால் அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட மெயிலை இப்போதைக்கு ஏற்பார்கள்.

இவ்வளவும் எச்.ஆருக்கு. இதில் ஒரு வரிகூட மேனேஜருக்குப் போகக் கூடாது. 

மேனேஜருக்கு எழுதுவதற்கு முன் காலண்டரைப் பார்க்க வேண்டும். கணக்குப் பிரிவு ஆட்களுக்கு மாதம் என்பது முப்பது ஒரே மாதிரியான நாட்கள் அல்ல. 7-ஆம் தேதிக்குள் பிடித்தம் செய்த டி.டி.எஸ். கட்ட வேண்டும். 11-க்குள் விற்பனை விவரத்தை ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் ஏற்ற வேண்டும். 15-க்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. 20-க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி. இவற்றுக்கு நடுவே போன மாதக் கணக்கை மூடும் வேலை. நம் பெண் சேர்வது 5-ஆம் தேதி. அதாவது டி.டி.எஸ். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு. அந்த மாதம் 11-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஜிஎஸ்டி வேலையையும் சனிக்கிழமைக்குள் முடிக்கவே பார்ப்பார்கள். மாதத்திலேயே மேனேஜருக்கு நேரம் இல்லாத வாரம் அதுதான். 

இது தெரியாமல் சேர்கிறவர், முதல் மூன்று நாள் யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்று மனம் சுருங்கிப்போவார். தெரிந்து சேர்கிறவர் அதையே கேள்வியாக்கலாம். “முதல் வாரம் எப்படி இருக்கும் சார்?” என்ற கேள்விக்கு “நல்லா இருக்கும்மா” என்று பதில் வரலாம். “குளோசிங் நேரத்தில் நான் உட்காரணுமா, அது முடிஞ்ச பிறகா?” என்றால் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. மருத்துவமனையில் செவிலியராகச் சேர்கிறவருக்கு இதே கேள்வி ஷிப்ட் பட்டியலைப் பற்றியதாக இருக்கும். பள்ளியில் சேர்கிற ஆசிரியருக்குத் தேர்வுக் கால அட்டவணை. எந்தத் தொழிலிலும் அந்த வாரத்தை இழுத்துச் செல்கிற ஒன்று இருக்கும். அதன் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

இன்னொரு கேள்வி லாக்-இன்னைப் பற்றியது. புதிதாக வருபவருக்கு மெயில் ஐடி, கம்ப்யூட்டர், எஸ்ஏபி பயனர் கணக்கு எல்லாம் தானாக முளைப்பதில்லை. பல நிறுவனங்களில் மேனேஜர் ஒரு கோரிக்கை போட வேண்டும், ஐ.டி. பிரிவு அதைப் பார்த்து, எந்தெந்தப் பகுதிக்கு அனுமதி என்று கேட்டு, ஒப்புதல் வாங்கிக் கொடுக்க இரண்டு மூன்று நாள் ஆகும். குளோசிங் மும்முரத்தில் இருக்கும் மேனேஜர் இதை மறந்துபோவது இயல்பு. வியாழக்கிழமை வந்து சேரும் உங்கள் செய்தியில் “லாக்-இன்னுக்கு என்னிடமிருந்து ஏதாவது வேண்டுமா சார்?” என்று ஒரு வரி இருந்தால், அவர் உங்களுக்குப் பதில் போடுவதற்கு முன்பே ஐ.டி.க்குப் போன் போட்டுவிடுவார். இந்தச் செய்தியால் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் இதுதான் என்பேன். நீங்கள் தெரிந்துகொள்வதைவிட, அவருக்கு நினைவு வருவது முக்கியம். 

மூன்றாவது கேள்வி கொண்டுவர வேண்டிய பொருளைப் பற்றி. கணக்குப் பிரிவில் வேலை என்றால் ஏ.சி. அறை, நாற்காலி என்றுதான் தோன்றும். ஆனால் தொழிற்சாலையில் மாதக் கடைசியில் சரக்கு எண்ணுவார்கள். எண்ணிக்கையைச் சரிபார்க்கக் கணக்குப் பிரிவிலிருந்தும் ஒருவர் ஷாப் ஃப்ளோருக்குப் போவார். செருப்போடு உள்ளே விடமாட்டார்கள்; இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூ வேண்டும். எந்திரம் ஓடுகிற இடத்தில் தொங்கும் துப்பட்டாவுக்கும் தடை இருக்கும். பெண்களின் அளவில் ஷூ பல கிடங்குகளில் கையிருப்பில் இருப்பதில்லை, தருவிக்க நாளாகும். எனவே அளவையும் சேர்த்தே எழுதிவிடலாம். 

இனி செய்தியையே எழுதிப் பார்ப்போம்.

“வணக்கம் சார். வரும் திங்கட்கிழமை, 5-ஆம் தேதி, உங்கள் டீமில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டெண்டாகச் சேர்கிறேன். எச்.ஆர். கேட்ட சர்ட்டிபிகேட் எல்லாம் தயாராக இருக்கிறது. உங்களிடம் மூன்று விஷயம் கேட்க வேண்டும்.
1. மாதக் குளோசிங் நேரத்தில் சேர்கிறேன். முதல் வாரமே அதில் ஏதாவது வேலை இருக்குமா, இல்லை முடிந்த பிறகுதானா?
2. எஸ்ஏபி, மெயில் லாக்-இன்னுக்கு என்னிடமிருந்து ஏதாவது விவரம் வேண்டுமா? இதுவரை டேலியில்தான் வேலை பார்த்திருக்கிறேன்.
3. ஸ்டாக் செக்கிங்குக்கு சேஃப்டி ஷூ கம்பெனியில் தருவார்களா, நான் வாங்கி வரணுமா? என் அளவு 5.
நேரம் கிடைக்கும்போது சொன்னால் போதும் சார். நன்றி.”

இவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே நீளம் போதும். எண் போட்டுக் கேட்டதற்குக் காரணம் உண்டு: அவர் போனில் “1. வேலை இருக்கு” என்று தட்டிவிட்டுப் போகலாம். டேலி மட்டும்தான் தெரியும் என்பதை இங்கேயே சொல்லிவிட்டதும் தெரிந்தே செய்ததுதான். இன்டர்வியூவில் “எஸ்ஏபி தெரியுமா?” என்ற கேள்விக்குக் கொஞ்சம் மழுப்பியிருந்தாலும், திங்கட்கிழமை திரை முன்னால் உட்கார்ந்து திணறுவதைவிட வியாழக்கிழமை சொல்லிவிடுவது எவ்வளவோ மேல். மேனேஜரும் அதற்கேற்ப ஆளைப் பக்கத்தில் போடுவார்.

எதை விட்டோம் என்பதும் கவனிக்க வேண்டியது. சம்பளம் எந்தத் தேதியில் வரும், லீவு எத்தனை, சனிக்கிழமை உண்டா என்பதெல்லாம் எச்.ஆருக்கு. ஒரே விதிவிலக்கு, ஏற்கெனவே முடிவான விடுப்பு. அக்கா கல்யாணம், தேர்வு மாதிரி ஏதாவது இரண்டு மாதத்துக்குள் இருந்தால் ஆஃபர் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் தேதியோடு ஒரு வரி இங்கே சேர்க்கலாம்.

எப்படி அனுப்புவது? இன்டர்வியூவுக்குப் பிறகு மேனேஜரே தன் எண்ணிலிருந்து பேசியிருந்தால் வாட்ஸ்அப் சரி. இல்லாவிட்டால் மெயில்தான், எச்.ஆரிடம் “சாருக்கு ஒரு மெயில் போடலாமா?” என்று கேட்டு வாங்கிய முகவரிக்கு. யாரிடமோ எண் தேடிப் பிடித்து அனுப்புவது வேண்டாம். வாட்ஸ்அப்பில் “வணக்கம் சார்” என்று மட்டும் அனுப்பிவிட்டு அவர் பதில் வணக்கம் சொல்லும்வரை காத்திருக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை மரியாதை என்று நினைக்கிறோம். வாங்குகிறவருக்கோ என்ன கேட்கப் போகிறார்களோ என்ற எரிச்சல். எல்லாம் ஒரே செய்தியில் போகட்டும். வாய்ஸ் மெசேஜ் வேண்டவே வேண்டாம், மீட்டிங்கில் இருப்பவர் அதைக் கேட்க முடியாது. நாள் வியாழக்கிழமை, நேரம் முற்பகல் 11 மணிவாக்கில். ஞாயிற்றுக்கிழமை இரவு அனுப்பினால் பதில் வந்தாலும் ஷூ வாங்கக் கடை திறந்திருக்காது.

பதில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: “வெல்கம். திங்கள் காலை நான் ரிவ்யூ மீட்டிங்கில் இருப்பேன். 11.30 வரை எச்.ஆர்., அப்புறம் எங்க சீனியர் மேடத்தைப் பாருங்க. செவ்வாய் சேஃப்டி ட்ரெய்னிங். சனி வரைக்கும் பர்ச்சேஸ் பில் பாருங்க. லாக்-இன் புதன்கிழமை வரும். ஷூ இங்க தருவாங்க.” 

நாலு வரிப் பதில்தான், ஆனால் வாரம் முழுதும் இதற்குள் இருக்கிறது. முதல் நாள் மேனேஜரைப் பார்க்கவே முடியாமல் போகலாம்; அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. புதன்வரை லாக்-இன் கிடையாது என்றால் அதுவரை காகிதத்தில்தான் வேலை. பர்ச்சேஸ் பில் பார்ப்பது என்றால் மூன்று சீட்டுகளை ஒப்பிடுவது: நிறுவனம் கொடுத்த ஆர்டர், கேட்டில் சரக்கு இறங்கியபோது போட்ட வரவுச் சீட்டு, சப்ளையர் அனுப்பிய பில். மூன்றிலும் அளவும் விலையும் ஒத்துப்போனால்தான் பில் கணக்கில் ஏறும். ஆயிரம் போல்ட்டுக்கு ஆர்டர், தொள்ளாயிரத்து ஐம்பது இறங்கியிருக்கிறது, பில் ஆயிரத்துக்கு வந்திருக்கிறது என்றால் அந்த ஐம்பதை அடையாளம் கண்டு ஒதுக்கி வைப்பதுதான் புது ஆளிடம் முதல் வாரம் எதிர்பார்ப்பது. டேலியில் பில் ஏற்றியவருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. எஸ்ஏபியில் சரக்கு வரவை MIGO என்ற திரையிலும் பில்லை MIRO என்ற திரையிலும் பதிவார்கள் என்பதை மட்டும் சனி, ஞாயிறில் தெரிந்துகொண்டால், சீனியர் மேடம் “மிரோ போட்டாச்சா?” என்று பக்கத்து மேசையில் கேட்கும்போது விழிக்க வேண்டியதில்லை.

இரண்டாம் வாரம் எப்படி இருக்கும் என்பதும் இதிலிருந்தே தெரியும். 14-ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் 2பி அறிக்கை வரும். சப்ளையர்கள் தங்கள் பக்கம் ஏற்றிய பில்களின் பட்டியல் அது. முதல் வாரம் இவர் பார்த்த பில்களும் கையிலிருக்கும் மற்றவையும் அதில் இருக்கின்றனவா என்று ஒப்பிடுவார்கள். இல்லாதவற்றுக்கு வரிச் சலுகை எடுக்க முடியாது. ஆகவே முதல் வாரம் ஒதுக்கி வைத்த பில்களை ஒரு தாளில் சப்ளையர் பெயர், பில் எண், தொகை என்று குறித்து வைத்திருந்தால் அடுத்த வாரம் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.

பதிலுக்குப் பதில் எழுதும்போது “நன்றி சார், 11.30-க்கு மேடத்தைப் பார்க்கிறேன்” என்று முடித்துக்கொள்ள வேண்டும். கிடைத்த உற்சாகத்தில் இன்னும் நாலு கேள்வி கேட்பதுதான் இங்கே பலர் வழுக்கும் இடம்.

பதிலே வராமலும் போகலாம். இரண்டு நீல டிக் விழுந்து ஒரு நாள் ஆகியும் சத்தமில்லை என்றால், கேள்விக்குறி மட்டும் போட்டு இரண்டாவது செய்தி அனுப்பக் கூடாது. குளோசிங் வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கணக்குப் பிரிவில் யாரும் போனைப் பார்ப்பதில்லை. அதற்குப் பதிலாக எச்.ஆருக்கு வெள்ளி மாலைக்குள் போன் போட்டு நான்கு விஷயம் கேட்டுக்கொள்ளலாம். கம்பெனி பஸ் எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு வரும். முதல் நாள் அடையாள அட்டை இல்லாமல் அதில் ஏற விடுவார்களா. கேமரா உள்ள போனைக் கேட்டில் வாங்கி வைப்பார்களா. அப்படி வாங்கி வைத்தால், உள்ளே போன பிறகு யாரைக் கூப்பிட வேண்டும், அவருடைய இன்டர்காம் எண் என்ன. கடைசிக் கேள்வியின் பதிலைப் போனில் சேமித்து வைத்துப் பயனில்லை. போனைத்தான் கேட்டில் கொடுத்துவிடப் போகிறோமே. ஒரு சின்னத் தாளில் எழுதிச் சான்றிதழ்க் கோப்பின் முதல் பக்கத்தில் செருகி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.